வாரத்தில் ஒரு மணி நேரம்: தம்பதியர் பேச்சு எந்த இடத்தில் குறைப்பட்டியலாகிறது?

திருகோணமலையில் கணவனும் மனைவியும் பேசாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மகளின் டியூசன், சீட்டுக் காசு, கேஸ் சிலிண்டர், வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று நாள் முழுக்கப் பேச்சுத்தான். ஆனால் அதெல்லாம் வீடு நடத்துவதற்கான பேச்சு. ‘எங்கள் இருவருக்கும் இடையில் இந்த வாரம் எப்படி இருந்தது’ என்ற பேச்சு பெரும்பாலும் ஏதாவது ஒரு சண்டையின் நடுவில்தான் வாய்க்கு வருகிறது. அதனால்தான் “உங்களோட ஒரு விஷயம் கதைக்கவேணும்” என்றவுடனேயே மற்றவருடைய முகம் மாறிவிடுகிறது.

இதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான ஜோன் கொட்மனும் அவரது மனைவி ஜூலி கொட்மனும். தம்பதியரோடு உட்கார்ந்து பேசும் வேலையில் இருப்பதால், இதைத் தொடங்கியவர்களையும் சில வாரங்களில் கைவிட்டவர்களையும் பார்த்து வருகிறேன். கைவிட்டவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு எதிரா வழக்கு விசாரிக்கிற மாதிரி இருக்கு.” அப்படி ஆகாமல் இருப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் எது முதலில் வருகிறது, யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்ற ஒழுங்கில்தான் காரியம் இருக்கிறது.

ஒழுங்கு சுருக்கமாக இதுதான். முதலில் இருவரும் கடந்த வாரத்தில் மற்றவர் செய்த, தமக்குப் பிடித்த ஐந்து விஷயங்களைச் சொல்கிறார்கள். பிறகு அந்த வாரம் இருவருக்கும் இடையில் எது நன்றாகப் போனது என்று சற்றுப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உறுத்தலான ஒரு விஷயம், ஒன்றே ஒன்று, எடுக்கப்படுகிறது. முடிவில் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “வாற வாரம் உனக்கு என் அன்பு தெரியிற மாதிரி நான் என்ன செய்யலாம்?”

பாராட்டு ஏன் முதலில் வருகிறது? மரியாதைக்காக மட்டும் இல்லை. 1999இல் சிபில் கரேரும் ஜோன் கொட்மனும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் புதிதாக மணமான 124 தம்பதியர் தங்களுக்குள் உள்ள ஒரு பிணக்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார்கள். பேச்சின் முதல் மூன்று நிமிடங்கள் எப்படிப் போயின என்பதற்கும், அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் பிரிந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரிந்தது. சூடாகத் தொடங்கிய பேச்சு பெரும்பாலும் சூடாகத்தான் முடியும். ஆகவே தொடக்கத்தை அந்த நேரத்து மனநிலையிடம் விட்டுவிடாமல், முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிடுகிறார்கள். (கொட்மன் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தம்பதியரிடம் செய்யப்பட்டவை. அவர்களுடைய கணக்கை அப்படியே எங்கள் வீடுகளுக்கு எடுத்துவரக் கூடாது. தொடக்கம் பேச்சை இழுத்துச் செல்லும் என்பதை மட்டும் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.)

எங்கள் ஆட்களுக்குக் கடினமான பகுதியும் இந்தப் பாராட்டுத்தான். கட்டின மனைவியை முகத்துக்கு நேரே புகழ்வது பலருக்குக் கூச்சம். “அவவுக்குத் தெரியும்தானே” என்பார்கள். முதல் வாரம் ஐந்து வராது, இரண்டு மூன்றோடு நின்றுவிடும். பரவாயில்லை. அதைவிட முக்கியம், சொல்வது குறிப்பாக இருக்கவேண்டும் என்பது. “நீர் நல்ல மனுசி” என்றால் கேட்பவர் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. “செவ்வாய்க்கிழமை நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தபோது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் முன்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்” என்றால் அது வேறு. தான் செய்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது. இன்னொரு பலனும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து விஷயம் சொல்லவேண்டும் என்று தெரிந்த ஒருவர் திங்கட்கிழமையில் இருந்தே தேடத் தொடங்குகிறார். குறையைத் தேடி நமக்குப் பழக்கம் அதிகம். இது அந்தப் பார்வையைக் கொஞ்சம் திருப்புகிறது.

பாராட்டுக்குள் ஊசி வைக்கக் கூடாது. “இந்த வாரமாவது நேரத்துக்கு வந்தீங்களே, சந்தோஷம்” என்பது பாராட்டு இல்லை. போன வாரத்து முறைப்பாடுதான் அது. இப்படி ஒரு வசனம் வந்தால் அந்த மணி நேரம் தொடங்கும்போதே கெட்டுவிடும்.

சரி, உறுத்தலான விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியரின் கதையை, அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். மனைவி ஆசிரியை. கணவன் துறைமுகப் பக்கம் ஷிப்ட் வேலை. கிழக்கில் பல குடும்பங்களில் நடப்பதுபோல, மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில், அவளுடைய தாயோடு இருக்கிறார்கள். கணவனின் தங்கை மூதூர்ப் பக்கம். அவளுடைய வீட்டுக் கூரை வேலைக்கு நாற்பதாயிரம் ரூபாயைக் கணவன் சேமிப்பில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தத் தங்கை மனைவிக்கே போன் எடுத்து, “மச்சாள், பெரிய உதவி செய்தீங்கள்” என்று நன்றி சொன்னாள். என்ன உதவி என்று தெரியாமலே மனைவி “அதுக்கென்ன மச்சாள்” என்று சொல்லி வைத்தாள்.

அன்று இரவு அவள் வாயில் வரக் காத்திருந்த வசனம் இது: “உங்கட தங்கச்சிக்கெண்டால் கணக்கே பாக்கமாட்டீங்கள். நான் கேட்டால் மட்டும் ஆயிரம் கணக்கு.” இதில் நியாயம் இருக்கலாம். ஆனால் இது நடந்த காரியத்தைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது. கேட்பவருக்கு உடனே தோன்றுவது பதில்தான்: “போன வருஷம் உம்மட தம்பிக்கு நான் குடுக்கேல்லையோ?” அவ்வளவுதான். கூரை, தம்பி, கல்யாணத்து நகை என்று பேச்சு பத்து வருடம் பின்னால் போய்விடும்.

அவள் அந்த வசனத்தை ஞாயிறு வரை வைத்திருந்து, வேறு விதமாகச் சொன்னாள். மூன்று துண்டுகள் கொண்ட ஒரு வடிவம் இதற்கு உண்டு: எந்தச் சம்பவம், அது எனக்குள் என்ன செய்தது, எனக்கு என்ன வேண்டும். “கூரைக்குக் காசு குடுத்தது மச்சாள் போன் எடுத்து நன்றி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. இந்த வீட்டில எனக்கு ஒரு சொல் இல்லையோ எண்டு மனம் நொந்துபோச்சு. பெரிய காசு எண்டால், குடுக்க முதல் எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ.”

மூன்றாவது துண்டைக் கவனியுங்கள். ‘இனி இப்படிச் செய்யாதீங்க’ என்று அவள் சொல்லவில்லை. செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேட்டிருக்கிறாள். செய்யாதே என்றால் எதிரே இருப்பவருக்குக் குற்றவாளிக் கூண்டுதான் மிச்சம். செய் என்று ஒன்றைக் கேட்டால் அதற்கு ஓம் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. குறைப்பட்டியலுக்கும் இந்தப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மற்றப் பாதி கேட்பவருடையது. இந்த நேரத்தில் கணவனின் வேலை பதில் சொல்வது இல்லை, எழுதுவது. மகளின் பழைய பாடக் கொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதுவது என்றால் குறுக்கே பேச நேரம் கிடைக்காது, கையும் வேலையில் இருக்கும். பிறகு எழுதியதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும்: “காசு குடுத்தது பிழை எண்டு நீர் சொல்லேல்ல. உமக்குச் சொல்லாமல் குடுத்ததுதான் நொந்தது. சரியோ?” அவள், “ஓம். ஆனா இன்னொண்டும் இருக்கு” என்றாள். “மச்சாள் நன்றி சொல்லேக்க நான் தெரிஞ்ச மாதிரி நடிக்க வேண்டி வந்தது. அதுதான் கூட வெக்கமாப் போச்சு.” வாதாடியிருந்தால் இது வெளியே வந்திராது. இதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

இந்த விதிக்குப் பின்னால் இன்னொருவரின் சிந்தனை இருக்கிறது. அனற்றோல் ரப்பபோர்ட் என்ற கணிதவியலாளர் நாடுகளுக்கு இடையிலான பிணக்குகளைப் பற்றி யோசித்தவர். எதிராளியின் நிலைப்பாட்டை அவரே ‘ஓம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நீ எடுத்துச் சொல்லும்வரை, உன் பக்கத்தை ஏற்கவைக்க முயலாதே என்பது அவர் சொன்ன ஒழுங்கு. கொட்மன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒப்புக்கொள்வது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. கேட்பவர் விளங்கிக்கொண்டால் போதும்.

மனைவி “ஓம், அவ்வளவுதான்” என்ற பிறகு முறை மாறியது. இப்போது அவள் கையில் கொப்பி. கணவன் சொன்னது அவள் எதிர்பார்க்காத பக்கமாகப் போனது. தகப்பன் இறந்த நாளில் இருந்து தங்கைக்குத் தகப்பன் இடத்தில் நிற்பது தான்தான் என்றார். “இது உம்மட வீடு, மாமி இருக்கிற வீடு. இங்க இருந்துகொண்டு என்ர தங்கச்சிக்குக் குடுக்கிறதுக்கும் கேக்கவேணுமெண்டால், என்ர காசிலயும் எனக்கு உரிமை இல்லாத மாதிரி இருக்குது.” காசைப் பற்றிய பேச்சு போலத் தொடங்கியது, அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் என்ற பேச்சாக இருந்தது.

பெரும்பாலான பிணக்குகள் இப்படித்தான் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தம்பதியர் சண்டை பிடிக்கும் விஷயங்களில் 69 வீதமானவை தீராதவை, காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருபவை என்பது கொட்மனின் கணிப்பு. இருவருடைய சுபாவத்திலும் வளர்ப்பிலும் வேர் கொண்டவை அவை. இந்தத் தம்பதியருக்கும், பிறந்த குடும்பத்துக்கு எவ்வளவு என்பது தீர்ந்துபோகும் கேள்வி இல்லை. ஆகவே ஒரு மணி நேரத்தில் தீர்வு காணவேண்டும் என்று உட்காருகிறவர்கள் நாலாவது வாரத்தில் சலித்துப்போவார்கள். அடுத்த சில வாரத்துக்குச் சமாளிக்க ஒரு ஏற்பாடு கிடைத்தால் அது போதும்.

அதற்கு அவர்கள் கொப்பியில் ஆளுக்கு இரண்டு வட்டம் போட்டார்கள், ஒன்றுக்குள் ஒன்று. உள்வட்டத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாதது, வெளிவட்டத்தில் விட்டுக்கொடுக்கக்கூடியது. கணவனின் உள்வட்டம்: தங்கைக்கு உதவுவதை நிறுத்தச் சொல்லக் கூடாது. மனைவியின் உள்வட்டம்: தங்கள் காசு போவதை வெளியாரிடம் இருந்து அறியக் கூடாது. வெளிவட்டத்தில் தொகை, நேரம், யாருக்குச் சொல்வது எல்லாம் இருந்தன. இரண்டு உள்வட்டமும் ஒன்றோடொன்று மோதவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தாயிரம் வரை அவர் தன் இஷ்டப்படி கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் கொடுக்க முதல் மனைவிக்குச் சொல்வது, மாமி காதுக்கு எதுவும் போகாது. ஒரு மாதம் பார்ப்போம் என்று முடித்தார்கள்.

அடுத்த வாரமே பிசகியது. அவள் பேச்சோடு பேச்சாக, “நீங்கள் எப்பவும் இப்படித்தான், ஒண்டும் சொல்லுறேல்ல” என்றாள். கணவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்க்கத் தொடங்கினார். கேட்டதற்கு “ம்”, அதற்குமேல் இல்லை. பலர் இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. பேச்சின் அழுத்தத்தில் சிலருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால், எதிரே சொல்லப்படுவதை ஒழுங்காகக் கேட்டு விளங்கிக்கொள்ளும் நிலையில் அந்த ஆள் இல்லை. அந்த நேரத்தில் இன்னும் விளக்கிச் சொன்னால் அது காதில் ஏறாது, சூடுதான் ஏறும்.

அப்போது செய்யவேண்டியது நிறுத்துவது. குறைந்தது இருபது நிமிடம். உடம்பு தணிய அவ்வளவு வேண்டும். நிறுத்துகிறவர் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு எழவேண்டும், இல்லையென்றால் மற்றவருக்கு அது கோபித்துக்கொண்டு போனதாகத்தான் படும். “ஒரு அரை மணித்தியாலம் தாரும், ஆறு மணிக்கு இருப்பம்” என்றால் சரி. அந்த நேரத்தில் அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் பலனில்லை, துடிப்பு இறங்காது. அவர் கிணற்றடிக்குப் போய் மோட்டார் சைக்கிளைக் கழுவினார். ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தபோது அவளே “எப்பவும் எண்டதை விடுங்கோ, புதன்கிழமை நடந்ததை மட்டும் சொல்லுறன்” என்று தொடங்கினாள்.

பேச்சு குறைப்பட்டியலாகத் திரும்புவதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல அடையாளங்கள் இரண்டு. ஒன்று, ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்கள். அவை வந்த இடத்தில் சம்பவம் போய் ஆள் விசாரணைக்கு வந்துவிட்டார். மற்றது, “அதோட இன்னொரு விஷயம்” என்ற வசனம். இரண்டாவது விஷயம் மேசைக்கு வந்தால் முதலாவது அரைகுறையாக நிற்கும், கேட்பவர் எண்ணத் தொடங்குவார். இரண்டாவதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடுத்த வாரத்துக்கு விடலாம். அப்படி விட்டதில் பாதி, அடுத்த ஞாயிறு வரும்போது பேசத் தேவையில்லாமல் போயிருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: எல்லாவற்றையும் ஞாயிறுக்கென்று சேர்த்து வைக்கக் கூடாது. குப்பை போடவில்லை, போனை வைக்கவில்லை என்பதையெல்லாம் அன்றன்றே சாதாரணமாகச் சொல்லி முடிக்கவேண்டும்.

இடம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எங்கள் வீடுகளில் அதுவே பெரிய தடை. முன்விறாந்தையில் பேசினால் மாமிக்குக் கேட்கும். கேட்டால் அது இருவர் பேச்சு இல்லை. டச்சு விரிகுடாக் கடற்கரை நல்ல இடம்தான், ஆனால் பின்னேரத்தில் தெரிந்த முகம் ஒன்று வராமல் இராது, மார்கழி மழையில் அங்கே இருக்கவும் முடியாது. பலருக்குச் சரிவருவது மொட்டைமாடி, அல்லது பிள்ளைகள் டியூசனுக்குப் போன பிறகு அறைக்குள். ஷிப்ட் வேலை என்றால் கிழமையைப் பிடித்துத் தொங்காமல், ரோஸ்டர் வந்தவுடன் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பசியோடும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வேண்டாம்.

இந்த முறைக்குத் திட்டவட்டமான எல்லை ஒன்று இருக்கிறது. கை நீட்டும் வீட்டில், அல்லது சொன்ன வார்த்தைக்கு அடுத்த நாள் பழி வாங்கப்படும் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. மனம் திறந்து பேசச் சொல்வது அங்கே பயப்படுகிறவரை இன்னும் ஆபத்தில் தள்ளும். அது தொடர்பாடல் பிரச்சினை இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. குடியிலும், மறைத்து வைத்த கடனிலும் முழுகிய வீடுகளுக்கும் இந்த ஒரு மணி நேரம் போதாது, அங்கே வேறு உதவி முதலில் வேண்டும்.

கடைசியாக, ஒருவருக்கு விருப்பம், மற்றவருக்கு இல்லை என்ற நிலை. இதுதான் அதிகம். விருப்பமில்லாதவரிடம் முழு ஒரு மணி நேரத்தையும் விரித்து விளக்கினால் மிரண்டுவிடுவார். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு உறுத்தலான விஷயத்தையே எடுக்காமல், பாராட்டையும் கடைசிக் கேள்வியையும் மட்டும் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு வரும் பதில் சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். “என்னைக் கவனியுங்கோ” என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மேலே சொன்ன ஆசிரியை முதல் வாரத்தில் கேட்டது, வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் தன்னை வந்து ஏற்றிக்கொண்டு, வரும் வழியில் ஒரு பிளேன்டீ குடிக்கவேண்டும் என்பது. கணவன் கேட்டது, நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாளில் பத்து மணிவரை வீட்டுக் கணக்கு எதுவும் கேட்கக் கூடாது என்பது. இரண்டும் நடந்தன. நாற்பதாயிரம் ரூபாய் விஷயத்தை அவள் எடுத்தது அதற்குப் பிறகு வந்த நாலாவது ஞாயிறில்தான்.